ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றியும் பென்சாயிக் அமிலம் ஏன் வெளியே வரவில்லை?

கேள்வி: லேபில் 2 கிராம் பென்சாயிக் அமிலமும் 2 கிராம் நாப்தலீனும் கலந்த பொடியைப் பிரிக்கச் சொன்னார்கள். 40 மி.லி. ஈதரில் கரைத்து, 5% சோடியம் பைகார்பனேட் கரைசலால் 20 மி.லி. வீதம் மூன்று முறை குலுக்கி எடுத்தேன். 2 கிராம் என்றால் 16.4 மில்லிமோல், அதற்குச் சமமாக 3 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 5.5 மி.லி. சேர்த்தேன். நுரைத்தது, வெள்ளையாக ஏதோ தெரிந்தது, உடனே மறைந்துவிட்டது. அடியில் எதுவும் படியவில்லை. என் பென்சாயிக் அமிலம் எங்கே போனது? பேசாமல் சோடியம் ஹைட்ராக்சைடே பயன்படுத்தியிருக்கலாமா?

பதில்:

முதலில், அந்த நீர்க் கரைசலைக் கீழே கொட்டிவிடாதீர்கள். உங்கள் பென்சாயிக் அமிலம் கிட்டத்தட்ட முழுசாக அதில்தான் சோடியம் பென்சோயேட்டாக இருக்கிறது. இன்னும் ஆறேழு மி.லி. அமிலம் சேர்த்தால் வெளியே வந்துவிடும். நீங்கள் போட்ட கணக்கில் பென்சோயேட்டுக்கான அமிலம் மட்டும் இருக்கிறது. அதே கரைசலில் மிச்சமாக நிற்கும் பைகார்பனேட்டைக் கணக்கில் எடுக்கவில்லை.

நடக்கும் வினைகள் மூன்றே மூன்று:

```
C6H5COOH + NaHCO3 → C6H5COONa + H2O + CO2
NaHCO3 + HCl → NaCl + H2O + CO2
C6H5COONa + HCl → C6H5COOH + NaCl
```

முதல் வினை பிரிபுனலில் நடப்பது. மற்ற இரண்டும் நீங்கள் அமிலம் ஊற்றிய முகவையில் நடப்பவை. அந்த இரண்டில் எது முந்தும் என்பதுதான் உங்கள் கேள்வியின் முடிச்சு.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். 5% பைகார்பனேட் என்பது லிட்டருக்கு 50 கிராம், அதாவது சுமார் 0.595 மோலார். 20 மி.லி.யில் 11.9 மில்லிமோல் இருக்கும். மூன்று முறைக்கும் சேர்த்து 35.7 மில்லிமோல் எடுத்திருக்கிறீர்கள். இதில் பென்சாயிக் அமிலம் தின்றது 16.4 மட்டுமே. மீதி 19.3 மில்லிமோல் பைகார்பனேட் சும்மாவே கரைசலில் நிற்கிறது.

இப்போது ஹைட்ரோகுளோரிக் அமிலம் விழுகிறது. அந்தப் புரோட்டானை யார் முதலில் பிடிப்பார்கள்? கார்பானிக் அமிலத்தின் பி.கே.ஏ. 6.35, பென்சாயிக் அமிலத்தின் பி.கே.ஏ. 4.20. பி.கே.ஏ. கூடக்கூட அமிலம் பலவீனம், அதன் அயனி வலுவான காரம். ஆகவே பென்சோயேட்டைவிடப் பைகார்பனேட் வலுவான காரம். அது தீரும்வரை பென்சோயேட்டுக்குப் பெரிதாக எதுவும் மிஞ்சாது. நீங்கள் ஊற்றிய 16.5 மில்லிமோல் அமிலமும் 19.3 மில்லிமோல் பைகார்பனேட்டிடமே போய்ச் சேர்ந்தது. அதற்கு மேலும் 2.8 மில்லிமோல் பைகார்பனேட் பாக்கி. படிவு எப்படி வரும்?

அந்த வெள்ளை தோன்றி மறைந்ததற்கும் இதுவே காரணம். சொட்டு விழும் இடத்தில் மட்டும் ஒரு கணம் அமிலத்தன்மை கூடுகிறது, அங்கே பென்சாயிக் அமிலம் திடமாக எட்டிப் பார்க்கிறது. கிளறியதும் சுற்றியிருக்கும் பைகார்பனேட் அதை மறுபடி உப்பாக்கிக் கரைத்துவிடுகிறது. வெள்ளை வந்து மறைந்தால் அமிலம் இன்னும் போதவில்லை என்று அர்த்தம். வெள்ளை மறையாமல் நிற்க ஆரம்பிக்கும் இடத்தில்தான் உங்கள் விளைபொருள் உண்மையில் பிரியத் தொடங்குகிறது.

ஆக, எவ்வளவு அமிலம் தேவை என்று கணக்கிடப் பென்சாயிக் அமிலத்தின் எடையே தேவையில்லை. எடுத்துக்கொண்ட பைகார்பனேட் முழுவதும் கடைசியில் சோடியம் குளோரைடாகத்தான் முடியப் போகிறது, நேராகவோ பென்சோயேட் வழியாகவோ. எனவே 35.7 மில்லிமோல் பைகார்பனேட்டுக்கு 35.7 மில்லிமோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதாவது 3 மோலாரில் 11.9 மி.லி. நீங்கள் ஏற்கெனவே 5.5 சேர்த்தாயிற்று. இன்னும் 6.4 மி.லி.யும் அதற்கு மேல் ஒரு சிறு மிகையும் போதும். கணக்கு ஒரு மதிப்பீடுதான், கடைசித் தீர்ப்பைப் பி.எச். தாளிடம் விடுங்கள். நன்றாகக் கிளறிய பிறகு கண்ணாடிக் கம்பியால் ஒரு துளி எடுத்துத் தாளில் தொட்டுப் பாருங்கள். தாளை முகவைக்குள் முக்க வேண்டாம், சாயம் கரைந்து படிவில் ஏறும்.

எந்தப் பி.எச். வரை போக வேண்டும்? 2 என்று செய்முறைக் குறிப்பேடுகளில் இருக்கும். ஏன் 2 என்று பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். பென்சாயிக் அமிலம் 25 டிகிரியில் லிட்டர் தண்ணீருக்கு சுமார் 3.4 கிராம் கரையும். இது அயனியாகாத அமிலத்தின் அளவு மட்டும். பி.எச். 4.2-இல் அதே அளவு பென்சோயேட்டும் உடன் கரைந்திருக்கும், அதனால் மொத்தம் லிட்டருக்கு 6.8 கிராம் தண்ணீரிலேயே தங்கிவிடும். பி.எச். 5.2 என்றால் பதினோரு மடங்கு, அதாவது சுமார் 37 கிராம். உங்கள் கரைசல் எழுபது மி.லி. சொச்சம், அதில் 2.5 கிராமுக்கு மேல் கரைந்தே நிற்கும். உங்களிடம் இருப்பதே 2 கிராம்தான். அதனால்தான் லிட்மஸ் தாள் சிவந்துவிட்டது என்று நிறுத்துபவர்களுக்கு ஒன்றும் கிடைக்காமல் போகிறது. லிட்மஸ் பி.எச். 5 பக்கத்திலேயே சிவந்துவிடும். பி.எச். 3-க்கு வந்தால் பென்சோயேட்டாகக் கரைந்திருப்பது மிகக் கொஞ்சம். 2 என்பது தாளின் நிறத்தைப் பார்ப்பதில் வரும் பிழைக்கும் சேர்த்து வைத்த எல்லை. 1 ஆகிவிட்டாலும் பென்சாயிக் அமிலத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை.

இங்கே ஒரு முன்னெச்சரிக்கை. மிச்சப் பைகார்பனேட் 19.3 மில்லிமோல் முழுவதும் கார்பன் டைஆக்சைடாக மாறினால், 30 டிகிரி வெப்பத்தில் சுமார் 480 மி.லி. வாயு. 100 மி.லி. முகவையில் 60 மி.லி. கரைசலை வைத்துக்கொண்டு அமிலத்தை மளமளவென்று ஊற்றினால் நுரை மேசையில் வழியும், அதோடு விளைபொருளும் போகும். 250 மி.லி. முகவையாக எடுத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாகவும் கிளறிக்கொண்டும் சேருங்கள். அடர் அமிலம் என்றால் சுமார் 3 மி.லி. போதும், மொத்தக் கனஅளவும் ஏறாது. ஆனால் நுரையைக் கட்டுப்படுத்துவது கடினம், முதல் தடவை செய்பவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிரிபுனலிலும் இதே வாயுதான் தொல்லை. 16.4 மில்லிமோல் பென்சாயிக் அமிலம் கிட்டத்தட்ட 400 மி.லி. கார்பன் டைஆக்சைடு தரும். அதில் பெரும்பகுதி முதல் 20 மி.லி. சேர்க்கும்போதே வரும், ஏனென்றால் அந்த 11.9 மில்லிமோல் பைகார்பனேட்டும் அங்கேயே செலவாகிவிடும். ஆகவே மூடியைப் போடாமல் முதலில் சுழற்றுங்கள். குமிழ் தணிந்த பிறகு மூடிபோட்டு ஒரு முறை கவிழ்த்து, காம்பை ஆளில்லாத பக்கம் திருப்பிக் குழாயைத் திறந்து காற்றை விடுங்கள். ஈதர் வேறு 34.6 டிகிரியில் கொதிப்பது. மே மாதத்தில் சென்னையிலோ வேலூரிலோ குளிரூட்டி இல்லாத லேபில் அறை வெப்பமே அதைத் தாண்டும். கையின் சூட்டிலேயே புனலுக்குள் அழுத்தம் ஏறும். அந்த மாதிரி நாட்களில் டைகுளோரோமீத்தேன் தேவலாம், கொதிநிலை 40 டிகிரிக்குப் பக்கம்தான் என்றாலும் தீப்பிடிக்கும் பயம் குறைவு. ஆனால் அது தண்ணீரைவிடக் கனமானது, அடர்த்தி 1.33. அடுக்குகள் இடம் மாறிவிடும், கரிம அடுக்கு கீழே போகும். எது எந்த அடுக்கு என்று சந்தேகம் வந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், அது போய்ச் சேரும் அடுக்குதான் நீர் அடுக்கு.

இன்னொரு கணக்கையும் கவனியுங்கள். முதல் 20 மி.லி.யில் 11.9 மில்லிமோல் பைகார்பனேட், பென்சாயிக் அமிலமோ 16.4. எத்தனை நேரம் குலுக்கினாலும் ஒரே கழுவலில் எல்லாம் வந்துவிடாது. குமிழ் நின்றுவிட்டது, ஆகவே அமிலம் தீர்ந்தது என்று இரண்டு முறை கழுவாமலேயே முடிப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். குமிழ் நிற்பதற்கு அமிலம் தீர்ந்ததும் காரணமாகலாம், பைகார்பனேட் தீர்ந்ததும் காரணமாகலாம். புதிய கரைசல் விட்டும் குமிழ் வரவில்லை என்றால்தான் அமிலம் தீர்ந்தது. நீங்கள் மூன்று முறை செய்தது சரி. இரண்டாவது கழுவலில் மீதி 4.5 மில்லிமோல் வந்திருக்கும், மூன்றாவது வெறும் உறுதிக்காக. அடுத்த முறை 20, 15, 10 மி.லி. என்று குறைத்துக்கொண்டே போனால் மொத்தம் 45 மி.லி.யில் 26.8 மில்லிமோல். அதுவே தாராளம்.

கனஅளவைக் குறைக்கச் சொல்வதற்குக் காரணம் விளைச்சல். அமிலம் சேர்த்து முடிக்கும்போது உங்களிடம் சுமார் 73 மி.லி. கரைசல் இருக்கும். 25 டிகிரியில் வடிகட்டினால் 0.25 கிராம் பென்சாயிக் அமிலம் வடிநீரோடு போய்விடும், எடுத்ததில் எட்டில் ஒரு பங்கு. பனிக்கட்டித் தொட்டியில் வைத்து 0 டிகிரிக்குக் கொண்டுவந்தால் கரைதிறன் லிட்டருக்கு 1.7 கிராமாகக் குறையும், இழப்பும் பாதியாகும். அமிலம் ஊற்றிய கையோடு வடிகட்டாமல் கால் மணி நேரமாவது பனியில் வைத்திருங்கள். 1.7-இலிருந்து 1.85 கிராம் வரை கிடைத்தால் வேலை நன்றாக நடந்திருக்கிறது. 2 கிராமும் கிடைத்தது என்று யாராவது சொன்னால் அது இன்னும் காயவில்லை, அல்லது உப்பு கலந்திருக்கிறது.

உப்பு என்பது சும்மா சொல்லவில்லை. அந்த 73 மி.லி. தாய்நீரில் 2 கிராமுக்கு மேல் சோடியம் குளோரைடு கரைந்திருக்கிறது. வடிதாளில் படிகத்தோடு 2 மி.லி. நீர் தங்கிக் காய்ந்தால்கூட 60 மில்லிகிராம் உப்பு சேர்ந்துவிடும். பனிநீர் 5 மி.லி. வீதம் இரண்டு முறை விட்டுக் கழுவினால் போதும், அதில் கரைந்து போகும் பென்சாயிக் அமிலம் 20 மில்லிகிராமைத் தாண்டாது. அறை வெப்பத் தண்ணீரை ஐம்பது, நூறு மி.லி. என்று ஊற்றிக் கழுவினால் பட்ட பாடெல்லாம் சிங்க் வழியே போகும். உப்பு தங்கியிருக்கிறதா என்று உருகுநிலைக் குழாயிலேயே தெரிந்துவிடும். 122 டிகிரியில் பென்சாயிக் அமிலம் தெளிவாக உருகிய பின்னும் அடியில் வெள்ளைத் துகள் உருகாமல் நின்றால் அது உப்பு.

இனி ஈதர் விஷயம். பெரும்பாலான செய்முறைத் தாள்களில் இது இருக்காது. பிரித்தெடுத்த 60 மி.லி. நீர் அடுக்கில் மூன்று, நான்கு கிராம் ஈதர் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும். அதனால் இரண்டு தொல்லை. ஒன்று, அந்த ஈதர் கொஞ்சம் நாப்தலீனையும் இழுத்து வந்திருக்கும். தண்ணீரில் நாப்தலீன் லிட்டருக்கு 30 மில்லிகிராம் அளவுதான் கரையும், ஆனால் ஈதர் துணையிருந்தால் கதை வேறு. இரண்டாவது, அமிலம் சேர்க்கும்போது பென்சாயிக் அமிலத்தின் ஒரு பகுதியை அந்த ஈதர் கரைத்து வைத்துக்கொள்ளும். படிவு குறையும், சில சமயம் பிசுபிசுவென்று வரும். முதல் தொல்லைக்கு, மூன்று நீர்ப் பகுதிகளையும் ஒன்றாகச் சேர்த்து 10 மி.லி. புது ஈதரால் ஒரு முறை குலுக்கி, அந்த ஈதரை முதல் கரிம அடுக்கோடு சேர்த்துவிடுங்கள். பென்சோயேட் அயனி ஈதருக்குப் போகாது, எனவே இழப்பு பயம் வேண்டாம். இரண்டாவதற்கு, அமிலம் சேர்க்கும் முன் நீர் அடுக்கைத் திறந்த முகவையில், ஃப்யூம் ஹூட்டுக்குள், வெந்நீர்த் தொட்டி மேல் சற்று நேரம் வைத்து ஈதர் வாடை போகும்வரை விடுங்கள். பக்கத்தில் எங்கும் சுடர் எரியக் கூடாது. பர்னர் வைத்துச் சூடாக்குவது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கடைசியில் கிடைத்த பென்சாயிக் அமிலத்தில் பாச்சை உருண்டை வாசம் வந்தால் இந்தக் கழுவலை விட்டுவிட்டீர்கள் என்று தெரியும். நாப்தலீன் மிகச் சிறிதளவு இருந்தாலும் மூக்குக்குத் தெரியும். வெந்நீரில் மறுபடிகமாக்கினால் சரியாகும். 1.8 கிராமுக்குச் சுமார் 50 மி.லி. கொதிநீர் போதும், கரைந்ததும் நிறுத்திவிடுங்கள். நெடுநேரம் கொதிக்கவிட்டால் பென்சாயிக் அமிலமே நீராவியோடு கிளம்பும்.

நாப்தலீன் பக்கம் வேலை எளிது. ஈதர் அடுக்கை உப்புக் கரைசலால் ஒரு முறை கழுவி, நீரற்ற சோடியம் சல்பேட் போட்டு, பத்து நிமிடம் கழித்து வடித்து, ஈதரை ஆவியாக்க வேண்டும். ஈதர் போனதும் நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் முக்கியம். நாப்தலீன் பதங்கமாவது, அவனில் வைத்துக் காயவைத்தால் எடை குறைந்துகொண்டே போகும். சுத்தமானால் 80 டிகிரியில் உருகும். 70-க்குப் பக்கத்திலேயே நெகிழ ஆரம்பித்து இழுத்துக்கொண்டு உருகினால், பென்சாயிக் அமிலம் உள்ளே தங்கிவிட்டதோ ஈதர் முழுதாகப் போகவில்லையோ என்று பாருங்கள். அமிலம்தானா என்று அறிய, அதில் கொஞ்சத்தை ஈதரில் கரைத்து 1 மி.லி. பைகார்பனேட்டோடு குலுக்கி, கீழே இருக்கும் நீரை மட்டும் எடுத்து அமிலம் சேருங்கள். கலங்கினால் பென்சாயிக் அமிலம் இருக்கிறது. கலங்காவிட்டால் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது, லிட்டருக்கு 3.4 கிராம் வரை கலங்காமலே கரைந்திருக்குமே. பனியில் வைத்துப் பார்த்தால் இந்தச் சோதனை சற்றுக் கூர்மையாகும்.

சரி, சோடியம் ஹைட்ராக்சைடு. உங்கள் கலவையில் இருப்பது பென்சாயிக் அமிலமும் நாப்தலீனும் மட்டும் என்றால் ஹைட்ராக்சைடும் அதே வேலையைச் செய்யும். வாயுத் தொல்லை இருக்காது, நுரை இருக்காது. நாப்தலீன் காரத்தோடு எதுவும் செய்யாது. அப்படியானால் பைகார்பனேட் எதற்கு? அது எல்லா அமிலங்களையும் இழுக்காது என்பதற்காகத்தான். பென்சாயிக் அமிலத்துக்கும் கார்பானிக் அமிலத்துக்கும் பி.கே.ஏ. வித்தியாசம் 2.15, ஆக வினையின் சமநிலை மாறிலி சுமார் 140, போதாததற்குக் கார்பன் டைஆக்சைடு வெளியேறிக்கொண்டே வினையை முன்னோக்கி இழுக்கிறது. பீனாலின் பி.கே.ஏ. 10 பக்கம். அதற்கு அதே கணக்கைப் போட்டால் மாறிலி நான்காயிரத்தில் ஒரு பங்குதான் வரும். அதாவது பீனாலைப் பைகார்பனேட் தொடுவதே இல்லை, ஹைட்ராக்சைடோ வாரிக்கொண்டு போகும். 2-நாப்தால் (பி.கே.ஏ. 9.5) கலவையில் சேர்ந்தால் இதன் பயன் தெரியும். முதலில் பைகார்பனேட்டால் பென்சாயிக் அமிலத்தை எடுத்துவிட்டு, அப்புறம் அதே ஈதர் அடுக்கை ஹைட்ராக்சைடால் கழுவினால் நாப்தால் தனியே வரும், நாப்தலீன் ஈதரிலேயே நிற்கும். வரிசையை மாற்றினால் இரண்டு அமிலங்களும் ஒன்றாக வந்து விழும்.

நடுநிலைப் பொருள் எஸ்டராக இருந்தாலும் பைகார்பனேட்தான் பத்திரம். மெத்தில் பென்சோயேட்டை ஹைட்ராக்சைடோடு நெடுநேரம் குலுக்கினால் ஒரு பகுதி நீராற்பகுந்து, அதுவே சோடியம் பென்சோயேட்டாகி, அசல் கலவையில் இல்லாத பென்சாயிக் அமிலம் உங்கள் தட்டில் வந்து சேரும். ஈதருக்குப் பதில் எத்தில் அசிட்டேட்டைக் கரைப்பானாக வைத்தாலும் இதே கதை, அதுவும் ஒரு எஸ்டர்தானே. பைகார்பனேட் பீனாலைத் தொடாது என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 2,4-டைநைட்ரோபீனாலின் பி.கே.ஏ. சுமார் 4, பிக்ரிக் அமிலத்தினுடையது அதைவிடவும் மிகக் குறைவு. இரண்டும் பைகார்பனேட்டில் பென்சாயிக் அமிலத்தைப் போலவே கரைந்துவிடும், குமிழும் வரும். கலவையில் இந்த மாதிரி வலுவான நைட்ரோ பீனால் இருக்கும் என்று தெரிந்தால் பென்சாயிக் அமிலத்தை இந்த வழியில் பிரிக்க முடியாது.